தம்மாமிலிருந்து வந்த கேசட்டுகள்

1983 முதல் 1991 வரை அப்பா சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள் வீட்டுக்குப் பேசுவதற்குக் கேசட்தான் வழி. ட்ரங்க் கால் போட்டுப் பேசக் காசு ஆகும், கடிதத்தில் எல்லாம் எழுத முடியாது. ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் ஒரு கேசட்டைப் போட்டு, ரூமில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கப் பேசி, ஊருக்குப் போகிற ஆள் யாராவது இருந்தால் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் அதைக் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பதில் பேசி, திரும்பப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். சில கேசட்டுகளில் பழைய பேச்சின் மேலேயே புதுப் பேச்சைப் பதிந்திருக்கிறார்கள். அழிந்தது அழிந்ததுதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவின் 75-ஆவது பிறந்தநாளுக்குக் குடும்பத்துக்குள் போட்டுக் காட்ட ஒரு சின்னப் படம் எடுக்கலாம் என்று நானும் அக்காவும் முடிவு செய்தபோது, அப்பா பேசும் வீடியோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இருந்தது பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகளும் கொஞ்சம் போட்டோக்களும். அதனால் படத்தின் முதுகெலும்பே அப்பாவின் குரல் என்று ஆயிற்று. அந்தக் குரலைக் கேசட்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். படம் வெட்டி ஒட்டியது அதற்குப் பிறகு வந்த சுலபமான வேலை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்வது என்றாலே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டருக்கு வெளியே, கேசட்டை ஓட்டுகிற டெக்கின் முன்னால் உட்கார்ந்தே முடிந்துவிடுகிறது. சொந்தக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கேசட்டுகளைக் கடையில் கொடுத்து எம்பி3-யாக வாங்கி வந்திருந்தார். இரைச்சல் துளியும் இல்லை. ஆனால் பேசுகிறவர் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. டேப்பிலிருந்து மங்கலாக எடுத்துவிட்டு, அந்த மங்கலை மென்பொருளால் கழுவினால் அப்படித்தான் வரும்.

டின்னைத் திறந்ததும் முதலில் செய்தது எல்லாக் கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டதுதான். அவை இல்லையென்றால் ரெக்கார்ட் பொத்தானை யாரும் தவறிக்கூட அமுக்க முடியாது. அடுத்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, சுருளின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் சரி. வெள்ளையாகப் பொடி பூத்த மாதிரி இருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் இது சாதாரணம். அதை டெக்கில் போட்டால் டேப்பில் உள்ளதைப் படிக்கிற ஹெட்டில் பொடி ஒட்டும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் போகும். அப்படி இருந்தவற்றைத் தனிக் கவரில் போட்டு ஒதுக்கி, கடைசியில்தான் தொட்டேன்.

இன்னொரு கோளாறு வெளியே தெரியாது. கேசட்டின் அடிப்பக்கம் நடுவில், டேப்புக்குப் பின்னால், ஒரு சின்னச் செம்புத் தகட்டில் ஒட்டிய கம்பளித் துண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். நாற்பது வருடத்தில் அந்தப் பசை காய்ந்து துண்டு விழுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கேசட்டை ஓட்டினால் சத்தம் மெலிந்தும் மங்கியும், விட்டுவிட்டும் வரும். டேப்பே கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் டேப் நன்றாகத்தான் இருக்கும். திருகாணி போட்ட ஒரு காலி கேசட்டைப் பிரித்து, பழைய கேசட்டின் இரண்டு சுருள்களையும் அப்படியே தூக்கி அதில் வைத்து மூடினால் போதும். பழைய ஓடு திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டதாக இருந்தால், தையல் ஓரத்தில் மெல்லிய கத்தியை விட்டு மெதுவாக நெம்ப வேண்டும். எது எந்தப் பக்கம், டேப் எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று பிரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் பதிவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டையும் ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினேன். வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் அப்போது தளர்ந்து சீராகும். மெல்லிய டேப்பில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் லேசாகப் பதிந்து, ஒருவர் பேசத் தொடங்கும் முன்பே அவர் பேச்சின் நிழல் கேட்கும். அதுவும் இப்படிச் சுற்றும்போது கொஞ்சம் குறைகிறது. 120 நிமிடக் கேசட்டுகளில் இது அதிகம். அவற்றின் டேப் மிக மெல்லியது, அறுந்துபோகவும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவற்றை வேகமாகச் சுற்றாமல் பிளே வேகத்திலேயே ஓட்டினேன்.

டெக் பற்றி. இப்போது இணையத்தில் கிடைக்கிற, யுஎஸ்பி வயரோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் பிளேயர்கள் வேண்டாம். மோட்டார் ஆட்டம் காட்டும், குரல் அலைபாயும். பழைய, நல்ல நிலையில் உள்ள கேசட் டெக் ஒன்றை வாங்கி, பெல்ட் மாற்றி, ஹெட்டையும் டேப்பை இழுக்கிற கேப்ஸ்டன் கம்பியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, ரப்பர் உருளையை லேசான சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துவிட்டால் போதும். இரைச்சலைக் குறைப்பதற்கான டால்பி பொத்தானை அணைத்து வையுங்கள். டூ-இன்-ஒன்னில் பதிந்த பேச்சுக்கு டால்பி கிடையாது. அதைப் போட்டால் இரைச்சல் குறைவது போலத் தோன்றும், ஆனால் குரலின் கூர்மையும் கூடவே போய்விடும்.

இனி வருவது எனக்கு மிகப் பெரிய வித்தியாசத்தைக் கொடுத்த விஷயம்: ஹெட்டின் கோணம்.

ஹெட்டில் நூலிழை போல ஓர் இடைவெளி உண்டு. அது டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். பதிவு செய்த மெஷினில் அது ஒரு துளி சாய்ந்திருந்தால், அந்தப் பதிவும் அதே சாய்வில்தான் இருக்கும். நம் டெக் சுத்தமாக நேராக இருந்தாலும் அந்தக் கேசட்டுக்கு அது தப்பான கோணம். விளைவு, ச, ஷ, த போன்ற ஒலிகளின் கூர்மை மழுங்கி, கம்பளிக்குப் பின்னாலிருந்து பேசுவது போல இருக்கும். இதை மென்பொருளில் ட்ரெபிளை ஏற்றிச் சரிசெய்ய முடியாது. அந்த உயர்ந்த ஒலிகள் இரைச்சலுக்கும் கீழே போய்விட்டன. ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

அப்பா ரூமில் வைத்திருந்த செட்டில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் பதிந்த எல்லாக் கேசட்டுக்கும் நான் திருகாணியை ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது. ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு திருகாணிகள் இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் கோணத்தைத் திருப்புவது. பெரும்பாலும் அதன் மேல் ஒரு சொட்டு பெயின்ட் இருக்கும். பல டெக்குகளில் கதவின் முகப்பைக் கழற்றினால் கேசட் ஓடும்போதே அதைத் தொடலாம். தொடங்கிய இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, காந்தமில்லாத மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மிக மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே கேட்க வேண்டும். குரலை மட்டும் கேட்காமல் இரைச்சலையும் ‘ஸ்’ ஒலிகளையும் கவனியுங்கள். அவை எங்கே மிகப் பளிச்சென்று ஆகின்றனவோ அதுதான் இடம். அதைத் தாண்டினால் மறுபடி மழுங்கும்.

காது மட்டும் போதாது என்றால் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. டூ-இன்-ஒன் பதிவு மோனோ. நம் டெக் ஸ்டீரியோ. ஆகவே இடது, வலது இரண்டு சேனலிலும் ஒரே குரல்தான் வரும். சில நொடி பதிவு செய்து ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோணம் சரியாக இருந்தால் மேலே உள்ள அலையின் முகடும் கீழே உள்ள அலையின் முகடும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று நிற்கும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி நின்றால் இன்னும் திருப்ப வேண்டும். ஒரு கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் கோணம் வேறாக இருக்கலாம். எங்கள் கேசட்டுகளில் ஒரு பக்கம் தம்மாமிலும் மறுபக்கம் வீட்டிலும் பதிந்தது என்பதால் கண்டிப்பாக வேறாகவே இருந்தது. வேலை முடிந்ததும் திருகாணியை மார்க்கர் குறிக்குத் திருப்பிவிடுங்கள்.

இந்த மோனோ சங்கதியில் இன்னொரு இலவச லாபமும் உண்டு. இரண்டு சேனலிலும் குரல் ஒன்று, ஆனால் இரைச்சல் வெவ்வேறு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் குரல் அப்படியே நிற்க, இரைச்சல் சுமார் 3 டெசிபல் இறங்குகிறது. கோணம் சரியாக இருந்தால்தான் இது பலிக்கும். முகடுகள் தள்ளி நிற்கும்போது கலந்தால் உயர்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஓரம் மடங்கிய டேப்பாக இருந்தால் மட்டும் கலக்க வேண்டாம். கேசட்டில் இடது சேனல் டேப்பின் வெளி ஓரத்தில் இருக்கிறது. அடி முதலில் அதற்குத்தான் விழும். அங்கே வலது சேனலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப்பின் ஹெட்செட் துளை மைக்குக்கானது, அதில் டெக்கை மாட்டக்கூடாது. லைன்-இன் உள்ள சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். படத்துக்குப் போகிற ஒலி என்பதால் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சத்தமான இடம்கூட −6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துக்கொண்டேன். 90 நிமிடக் கேசட் ஒன்று ஸ்டீரியோவில் சுமார் ஒன்றரை ஜிபி வரும். இந்த முதல் கோப்பில் எதையும் வெட்டாமல், எதையும் செய்யாமல் அப்படியே வைத்துவிட வேண்டும். மற்ற எல்லா வேலையும் அதன் நகலில்தான்.

ஆனால் பதிவைத் தொடங்கும் முன் ஒரு சோதனை அவசியம். கேசட்டை ஓட்டாமல், டெக்கை மட்டும் ஆன் செய்து, அரை நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை இருந்தால் அது டேப்பில் இல்லை, உங்கள் வீட்டு மின்சாரத்திலிருந்து வருகிறது. எனக்கும் வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும் போய்விட்டது. ஒரு ஹம்மை மென்பொருளில் எடுக்கலாம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். ஏனென்றால் டேப்பிலேயே இன்னொரு ஹம் இருக்கிறது, அது எனக்குத் தேவை.

வேகத்துக்கு வருகிறேன். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும் என்பது விதி. சாதாரண டூ-இன்-ஒன்கள் இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னேதான் ஓடின. அப்பாவின் செட் வேகமாக ஓடியிருந்தால், சரியாக ஓடும் என் டெக்கில் அவர் குரல் கனத்து, சோம்பலாக ஒலிக்கும். பேசியவர் இல்லாதபோது சரியான வேகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பா பதிவு செய்தது பேட்டரியில் இல்லை, கரன்ட்டில். அந்தச் செட்டின் ட்ரான்ஸ்ஃபார்மர் ஹம் லேசாக டேப்பில் பதிந்திருக்கிறது. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஐக்கிய அமீரகமோ ஓமானோ என்றால் நம் ஊர் போல 50. ஆகவே தம்மாமில் பதிந்த ஹம், வேகம் சரியாக இருந்தால், 60-இலும் அதன் மடங்குகளான 120, 180, 240, 300-இலும் நிற்க வேண்டும். இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் வேகப் பிழை தெரிந்துவிடும்.

ஏழாம் நம்பர் கேசட்டின் ஏ பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ரெக்கார்ட் பொத்தான் ‘டக்’கென்று விழுந்த பிறகு, அப்பா தொண்டையைச் செருமும் வரை, பத்து நொடி மௌனம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியில் Analyze மெனுவில் Plot Spectrum போய், Size என்ற இடத்தில் 65536 வைத்தேன். அடியில் உள்ள 60-ஐப் பார்க்காமல் ஐந்தாம் மடங்கைப் பார்ப்பது நல்லது. அங்கே பிழையும் ஐந்து மடங்காகத் தெரியும், அளப்பது சுலபம். 300-இல் இருக்க வேண்டிய முகடு 288-இல் இருந்தது. அதாவது 300 வகுத்தல் 288, வேகத்தை 1.0417 மடங்காக்க வேண்டும். நாலு சதவீதத்துக்கும் மேல். நடுவிலும் கடைசியிலும் மௌனமான இடங்களில் அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அதே எண்தான்.

48,000-ஐ 1.0417-ஆல் பெருக்கினால் 50,000. ஆகவே கோப்பை 50,000 ஹெர்ட்ஸ் கோப்பு என்று நினைத்து ஓட்டச் சொல்லி, மறுபடி 48,000-க்கு மாற்றினால் போதும். ffmpeg என்ற இலவச மென்பொருளில் அதற்கான கட்டளை இது:

```
ffmpeg -i k07_A_mono.wav -af "asetrate=50000,aresample=48000" -c:a pcm_s24le k07_A_speed.wav
```

45 நிமிடப் பக்கம் 43 நிமிடம் 12 நொடியாகச் சுருங்கியது. சுருதியும் வேகமும் சேர்ந்தே மாறுவதுதான் இங்கே தேவை. சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் கருவிகளைத் தொடக்கூடாது.

வீட்டில் பதிந்த பி பக்கத்துக்கு இதே கணக்கை அப்படியே போட முடியாது. எண்பதுகளில் தென்னிந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்காது. மாலையில் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் 49-க்கும் கீழே இறங்குவது சாதாரணம். அதே ஏழாம் கேசட்டின் பி பக்கத்தில் 250-இல் இருக்க வேண்டியது 244-இல் இருந்தது. 50 என்று நம்பினால் இரண்டரை சதவீதம் வேகம் கூட்ட வேண்டும். அதிர்ஷ்டவசமாக, அம்மா பேசும்போது பின்னணியில் ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. அந்தப் பாட்டின் வெளியான பதிவைத் தேடி எடுத்து, பாடகி நீட்டிப் பிடிக்கும் ஒரு சுரத்தை இரண்டிலும் அளந்தேன். டேப்பில் 526, அசலில் 528. தேவைப்பட்டது அரை சதவீதம்கூட இல்லை. அன்றைக்குக் கரன்ட்டே 49-இல்தான் ஓடியிருக்கிறது. ஹம்மை மட்டும் நம்பியிருந்தால் அம்மாவைச் சின்னப் பெண்ணாக்கியிருப்பேன்.

பேட்டரியில் பதிந்த பக்கங்களில் ஹம்மே கிடையாது. பேட்டரி தீரத் தீரப் பதிவு மெஷின் மெதுவாக ஓடும், அதனால் இன்று கேட்கும்போது கடைசியில் குரல் கீச்சென்று மேலே ஏறும். அப்படி ஒரு பக்கம் இருந்தது. அதற்கு ஆடாசிட்டியின் டைம் டிராக்கில் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சரிசெய்த வேறு கேசட்டின் குரலோடு ஒப்பிட்டுக் காதால்தான் சரி செய்தேன். துல்லியம் என்று சொல்ல முடியாது.

வேகம் சரிசெய்த ஏ பக்கத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். “இது உங்க அப்பா குரல் மாதிரியே இல்லையே. அவருக்குக் கனத்த குரல்டா” என்றார். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் அந்தக் கேசட்டுகளை எத்தனையோ வருடம் மெதுவாகவே கேட்டுப் பழகியவர் அவர். அக்காவுக்குச் சந்தேகம் வந்து, வேகம் மாற்றாததையே வைத்துவிடலாமா என்றாள். நான் மறுத்தேன். ஊரில் ஒரு கல்யாணத்தில் யாரோ பதிந்த வேறொரு கேசட்டில், நாதஸ்வரத்துக்கு நடுவே அப்பா யாரையோ பந்திக்குக் கூப்பிடுகிற குரல் இருந்தது. அந்த மெஷினுக்கும் தம்மாம் செட்டுக்கும் சம்பந்தமில்லை. அதில் அவர் குரல் சரிசெய்த குரலோடுதான் பொருந்தியது. அதைப் போட்டதும் அம்மா, “அங்க போயி இளைச்சுட்டாருன்னு நெனச்சேன், கொரலு இளைக்கலியே” என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இதற்குப் பிறகுதான் இரைச்சல். வேகத்தைச் சரிசெய்த பிறகு ஹம் சரியாக 60, 120, 180 என்று வந்து நிற்கும். எடுப்பது சுலபம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினால் 60 போய்விடும், ஆண் குரலுக்கு அங்கே ஒன்றும் இழப்பில்லை. 180-ஐயும் 300-ஐயும் Notch Filter வைத்து, Q மதிப்பை 30 போல உயர்த்தி, மெல்லிய கோடாக வெட்டினேன். Q சிறிதாக இருந்தால் அகலமாக வெட்டிக் குரலையும் தின்றுவிடும். 120-ஐ மட்டும் விட்டுவைத்தேன். அப்பாவின் பேச்சுச் சுருதி ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. அதை வெட்டியபோது அவர் குரலில் நெஞ்சு போய்விட்டது.

மேல் பக்கத்திலும் ஒரு வெட்டு. ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் பார்த்தால் இந்தக் கேசட்டுகளில் குரல் 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது ‘உஸ்’ மட்டுமே. 9,000-இல் லோ-பாஸ் போட்டதும் காதை உறுத்துகிற இரைச்சலில் பாதி போய்விட்டது, குரலுக்கு எந்தச் சேதமும் இல்லை.

மீதிக்கு Noise Reduction. எல்லோரும் சொல்வது, யாரும் பேசாத ஓர் இடத்தை மாதிரியாகக் கொடு, மென்பொருள் அந்த இரைச்சலை எல்லா இடத்திலும் கழித்துவிடும் என்பது. டூ-இன்-ஒன் பதிவில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மெஷின்களில் பதிவு அளவைத் திருப்ப குமிழ் கிடையாது. சத்தம் குறைந்தால் தானே ஏற்றிக்கொள்ளும், கூடினால் தானே இறக்கிக்கொள்ளும். அப்பா யோசிக்க நிறுத்துகிற சில நொடிகளில் ரூமின் ஏசி இரைச்சல் மெல்ல ஏறி வருவது தெளிவாகக் கேட்கும். மறுபடி பேச ஆரம்பித்ததும் சட்டென்று இறங்கும். ஆகவே நீண்ட மௌனத்தின் இரைச்சல், பேச்சுக்கு அடியில் இருக்கும் இரைச்சலைவிட மிக அதிகம். நீண்ட மௌனத்தை மாதிரியாகக் கொடுத்தால் மென்பொருள் பேச்சிலிருந்து அளவுக்கு மீறிக் கழிக்கும். அந்தத் தண்ணீர்த் தொட்டிக் குரல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

அதனால் மாதிரியை இரண்டு வாக்கியங்களுக்கு இடையில், ஒரு சொல் முடிந்த உடனே கிடைக்கிற அரை நொடியிலிருந்து எடுத்தேன். அந்த நேரத்தில் மெஷின் இன்னும் அளவை ஏற்றியிருக்காது. குறைப்பு 6 டெசிபல் மட்டும். அந்தப் பெட்டியிலேயே Residue என்று ஒரு தேர்வு இருக்கும். கழிக்கப்படுவதை மட்டும் அது கேட்க வைக்கும். அதில் வெறும் ‘உஸ்’ கேட்டால் சரி. என்ன பேசுகிறார் என்று புரிகிற அளவுக்குக் கேட்டால் குரலைக் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். நீண்ட மௌனங்களில் ஏறிவரும் இரைச்சலுக்கு இந்தக் கருவி வேண்டாம். அந்த இடங்களில் என்வலப் கருவியால் சத்தத்தைக் கையால் சாய்வாக இறக்கினேன். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் காதுக்கு அது ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் எடுக்கவும் இல்லை. ரெக்கார்ட் பொத்தான் விழும் சத்தம், பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவது, ஒரு பக்கத்தில் தூரத்தில் கேட்கும் பாங்கு, அதற்காக அப்பா ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவது, இவற்றை அப்படியே விட்டேன். அந்த ரூமின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. படத்தில் அந்த ரூம் இருப்பது இந்தச் சத்தங்களில்தான்.

எடிட்டிங்குக்குப் போகும்போது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இருபது நொடி வெறும் ரூம் இரைச்சலைத் தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டேன். பேச்சின் நடுவே வெட்டும்போது இடையில் முழு அமைதி வந்தால், வெட்டிய இடம் பட்டென்று தெரிந்துவிடும். போட்டோக்களுக்கு நடுவே குரல் இல்லாத இடங்களிலும் இந்த இரைச்சலை அடியில் ஓடவிட்டால் ஒட்டு தெரியாது. ஏ பக்கப் பேச்சுக்கு ஏ பக்க இரைச்சல், பி பக்கத்துக்கு பி. மாற்றிப் போட்டால் இடம் மாறிவிட்டது போல இருக்கும். அப்பா “போன மாசம் அனுப்பின டிராஃப்ட் வந்துச்சா, பேங்க்ல போட்டியா” என்று கேட்டு முடித்ததும் அம்மாவின் பி பக்கப் பதிலை ஒட்டியபோது, இரண்டு இரைச்சலையும் இரண்டு நொடி ஒன்றின் மேல் ஒன்றாகக் கரைத்தேன். தம்மாம் ஏசி அடங்கி எங்கள் வீட்டு ஃபேனும் ரேடியோவும் ஏறி வரும்.

எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் நானும் அக்காவும் அதிகம் சண்டை போட்டோம். கடன் வாங்கித் திருப்பித் தராத ஒரு சொந்தக்காரரைப் பற்றி அப்பா ஒரு பக்கத்தின் பாதி நேரம் திட்டியிருக்கிறார். பேச்சு பிரமாதம், குரல் அவ்வளவு உயிரோடு வேறெங்கும் இல்லை. அந்த வீட்டார் படம் பார்க்க வருவார்கள் என்பதால் விட்டுவிட்டோம். அக்காவுக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

கடைசியாக, படத்தை ஹெட்ஃபோனில் கேட்டு முடிவு செய்யாமல், எந்த டிவியில் போடப் போகிறோமோ அதிலேயே, ஹாலில் ஃபேன் ஓடும்போது ஒரு முறை போட்டுப் பார்த்தோம். ஹெட்ஃபோனில் தெளிவாக இருந்த குரல் அங்கே ஃபேன் சத்தத்தில் பாதி மூழ்கியது. 2,500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் 3 டெசிபல் ஏற்றியதும் சொற்கள் மேலே வந்தன. ஏற்றியும் புரியாத நாலைந்து வாக்கியங்களுக்கு அடியில் எழுத்துப் போட்டோம், அப்பா பேசியபடியே, பேச்சுத் தமிழிலேயே. கைபடாத வேவ் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று என்னிடம், ஒன்று அக்காவிடம். ஒவ்வொரு கோப்போடும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கிறது: எந்தக் கேசட், எந்தப் பக்கம், ஹம் எங்கே இருந்தது, வேகத்தை எவ்வளவு மாற்றினேன், எந்தச் சேனலை எடுத்தேன் என்று. பூஞ்சை பிடித்த கேசட்டுகளில் இரண்டு இன்னும் பாக்கி இருக்கின்றன. மழைக்காலம் முடியட்டும் என்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.